ஒரு கோலம், மூன்று கோப்புகள், 31 வெட்டுகள்

அகலத்தில் நான்கு புள்ளி, உயரத்தில் ஐந்து புள்ளி, நேர்ப்புள்ளி. மொத்தம் 20 புள்ளிகள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போகும் சாதாரணச் சிக்குக் கோலம். எந்த மூலையில் தொடங்கினாலும் கையை எடுக்காமல் ஒரே இழையாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை.

நான் விற்பனைக்கு வைத்த முதல் வடிவக் கோப்பு இதுதான். எம்பிராய்டரி இயந்திரத்துக்கு ஒன்று, கைப்பின்னலுக்கு ஒன்று, தரையில் போடுவதற்கு ஒன்று என்று மூன்றாகச் செய்யத் திட்டமிட்டேன். வடிவம் எளிது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஐந்து மாதம் ஆயிற்று. கோலம் ஒன்றுதான், நூல், கம்பளி, பொடி என்று பொருள் மாறிய ஒவ்வொரு முறையும் அது வேறு ஒரு பிரச்சினையாக மாறி நின்றது.

எம்பிராய்டரிக் கோப்பிலிருந்து தொடங்குகிறேன். என் நேரத்தில் முக்கால் பங்கைத் தின்றது அதுதான்.

புள்ளிக்குப் புள்ளி 18 மி.மீ. இடைவெளி வைத்தேன். ஓரப் புள்ளியைத் தாண்டி கோடு அரை இடைவெளி வெளியே போகும் என்பதால், கோலம் ஏறக்குறைய 72 மி.மீ. அகலமும் 90 மி.மீ. உயரமும் வரும். வீட்டு இயந்திரங்களில் பரவலாக இருக்கும் 100க்கு 100 மி.மீ. வளையத்தில் இது அடங்கும். கோட்டை 2 மி.மீ. அகலச் சாட்டின் தையலாக, அதாவது நூல் ஓரத்துக்கு ஓரம் நெருக்கமாகப் போய்வந்து நிரப்பும் தையலாக வைத்து, தையல் வரிகளுக்கு இடையே 0.4 மி.மீ. கொடுத்தேன். வழக்கமான 40 எண் நூலுக்கு அது பொருத்தமான நெருக்கம். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சாட்டினுக்குக் கீழே முதலில் போடும் அடித்தையலையும் சேர்த்தால் 6,000 தையலுக்குள் முடிகிறது. ஒரே இழை என்பதால் நடுவில் ஓரிடத்திலும் நூலை வெட்ட வேண்டாம். மென்பொருளின் திரையில் அது மணிமணியாக ஓடியது.

துணியில் ஓடவில்லை. கோடு தன்னை வெட்டும் ஏழாவது இடத்திலோ எட்டாவது இடத்திலோ மேல்நூல் பிய்ந்தது. நூலைக் கோத்து மீண்டும் ஓட்டினால் சற்றுத் தள்ளி மறுபடியும் பிய்ந்தது. அதே கோப்பைத் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்த தோழி, "அக்கா, இரண்டாவது ஊசியும் உடைந்துவிட்டது, நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டாள். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவியபோதுதான் காரணம் புரிந்தது. வெட்டு விழுந்த ஒவ்வோர் இடமும் மிளகு போலக் கட்டியாக இருந்தது. கோடு தன்னை வெட்டும் இடத்தில் இரண்டு சாட்டின்களும் இரண்டு அடித்தையல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ஊசி நுழைய இடமில்லை. இந்தக் கோலத்தில் அப்படிப்பட்ட இடங்கள் 31. படுக்கை வாட்டத்தில் வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசை, செங்குத்தில் நான்காக நான்கு, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டுமிடத்தில் ஒரு கோட்டைக் கீழே விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதாவது, கீழே போகும் கோட்டில் சாட்டினை நிறுத்தி, வெறும் ஓடு தையலால் அந்த இடத்தைக் கடந்து, மறுபுறம் சாட்டினை மீண்டும் தொடங்குவது. எது மேல், எது கீழ்? பாய் முடைவதுபோல் ஒரு முறை மேல், ஒரு முறை கீழ் என்று மாற்றி மாற்றி வைத்தேன். இப்படி வைத்தால் எந்த மூடிய கோட்டிலும் முரண்பாடே வராது. 62 கடப்புகளும் அழகாக மேல் கீழாக அமர்ந்துவிடும். அன்று எனக்கு என்மேலேயே கொஞ்சம் பெருமை.

தைத்து முடித்ததும், ஏறக்குறைய பாதி வெட்டுகளில் சாட்டினின் பளபளப்பின் மேல் ஒரு மெல்லிய நூல் கீறல்போலக் கிடந்தது. யோசித்தால் எளிய விஷயம். பாய்க்காரர் ஓலையைத் தூக்கி அடியில் நுழைக்கலாம். இயந்திரம் எப்போதும் மேலேதான் தைக்கும். மேலே இருக்க வேண்டிய சாட்டினை முதலில் தைத்துவிட்டு, கீழே போக வேண்டிய ஓடு தையலைப் பிறகு தைத்தால், அது மேலேதான் விழும்.

தீர்வு, அழகைக் கைவிடுவதாக இருந்தது. கோடு ஒரு வெட்டை முதல்முறை கடக்கும்போது எப்போதும் ஓடு தையல். இரண்டாம் முறை கடக்கும்போது எப்போதும் முழுச் சாட்டின். மேல் கீழ் ஒழுங்காக மாறி மாறி வராது. ஒரே நிற நூலில் அதை யாரும் பார்க்கப்போவதும் இல்லை. சாட்டின் நிற்கும் முனை, மேலே வரப்போகும் கோட்டின் ஓரத்துக்குள் 0.6 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும். முதலில் விளிம்போடு விளிம்பாக நிறுத்திப் பார்த்தேன். நூல் இழுப்பில் இரண்டுக்கும் நடுவே துணி பல்லிளித்தது. ஒரு மி.மீ. நுழைத்தால் மறுபடியும் கட்டி தட்டியது. இந்த 0.6 என் துணிக்கும் என் நூலுக்கும் ஒத்துவந்த அளவு. வேறு நூல் என்றால் மறுபடியும் தைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

புள்ளிகள் தனிக் கதை. 3 மி.மீ. வட்டங்களாக வரைந்தேன், துணியில் நெல்மணிகளாக வந்தன. தையல் ஓடும் திசையில் நூல் துணியைச் சுருக்குகிறது, அதற்குக் குறுக்கே சற்றுப் பிதுக்குகிறது. திரையில் முட்டையாகத் தெரியும்படி, தையல் திசையில் இருபுறமும் 0.2 மி.மீ. கூட்டி வைத்த பிறகுதான் துணியில் வட்டமாயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை, புள்ளிக்குப் புள்ளி தாவும் நூல். புள்ளியைச் சுற்றிக் கோடு இருப்பதால் மறைவாகப் போக வழியில்லை. 20 புள்ளிகளுக்கு 19 தாவல். என் இயந்திரம் நூலைத் தானே வெட்டிவிடும். வெட்டும் வசதி இல்லாத இயந்திரம் வைத்திருப்பவர் அத்தனையையும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். அதனால் புள்ளிகளைத் தனி நிறமாகப் பிரித்துக் கடைசியில் வைத்தேன். விருப்பமில்லாதவர் அந்த நிறத்தை ஓட்டாமலே விட்டுவிடலாம். வழிகாட்டித் தாளில் முதல் வரியே இதுதான். அதை எழுதிய பிறகு, 'நூல் தொங்குகிறது' என்ற புகார் ஒன்றுகூட வரவில்லை.

தைத்துப் பார்ப்பது என்றால் ஒரு துணியில் ஒரு முறை ஓட்டுவது என்றே முன்பு நினைத்திருந்தேன். இப்போது குறைந்தது மூன்று ஓட்டம். கெட்டியான பருத்தித் துணியில், கிழித்தெடுக்கும் அடித்தாளோடு ஒன்று. மெல்லிய பருத்தியில் ஒன்று. பனியன் துணியில், வெட்டியெடுக்கும் அடித்தாளோடு ஒன்று. ஒவ்வொன்றையும் வளையத்திலிருந்து கழற்றி, அடித்தாளை நீக்கி, ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அளவுகோலை வைக்கிறேன். வளையத்தில் இருக்கும்போது எல்லாத் துணியும் நல்ல பிள்ளைதான். கழற்றிய பிறகுதான் சுருக்கம் தெரியும். பனியன் துணியில் 90 மி.மீ. உயரம் 88 ஆகியிருந்தது. கோலத்தைச் சுற்றித் துணி அலையலையாக எழும்பியிருந்தது. நெருக்கத்தை 0.4லிருந்து 0.45 ஆக்கியதும் அலை அடங்கியது. அந்தத் துணிக்கென்று தனிக் கோப்பே கொடுக்கிறேன். நான்காவது ஓட்டம் என்னுடையது அல்ல, தோழியுடையது. அவளிடம் வழிகாட்டித் தாளை மட்டும் தருவேன். வாயால் ஒரு விளக்கமும் சொல்ல மாட்டேன். அவள் தொலைபேசியை எடுத்தால், தாளில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

விற்பனைக்கு வந்த பிறகு வந்த முதல் புகார், நிறம் தவறாக இருக்கிறது என்பது. வாங்கியவர் டிஎஸ்டி என்ற கோப்பு வடிவத்தைத் திறந்திருக்கிறார். அந்த வடிவத்தில் 'இங்கே நிறம் மாற்று' என்ற நிறுத்தம் மட்டும்தான் இருக்கும், எந்த நிறம் என்ற தகவல் இருக்காது. திறக்கும் மென்பொருள் தனக்குத் தோன்றிய நிறத்தைக் காட்டும். பிஇஎஸ் வடிவத்தில் நிறமும் சேர்ந்து வரும். இதை எனக்குத் தெரிந்த விஷயம் என்று எழுதாமல் விட்டது என் தவறு. இரண்டாவது புகார், கோடுகளுக்கு நடுவே துணி தெரிகிறது என்பது. அவர் இயந்திரத்திலேயே கோலத்தை 40 விழுக்காடு பெரிதாக்கியிருந்தார். தையல்களின் எண்ணிக்கை மாறாமல் அளவு மட்டும் பெருகினால் 0.4 என்ற இடைவெளி 0.56 ஆகிவிடும், துணி தெரியாமல் என்ன செய்யும்? பத்து விழுக்காட்டுக்கு மேல் மாற்ற வேண்டாம் என்று எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது, பெரிய அளவு வேண்டும் என்பவருக்கு அது கிடைக்கவும் வேண்டும். அதனால் 130க்கு 180 மி.மீ. வளையத்துக்கு, புள்ளி இடைவெளி 30 மி.மீ., கோடு 3 மி.மீ. என்று புதிதாக ஒன்று செய்து அதே விலைக்குள் சேர்த்தேன். இப்போது வாங்குபவர் கைக்குப் போகும் தொகுப்பு இப்படி இருக்கிறது:

```
kolam_4x5_v4_100x100.dst
kolam_4x5_v4_100x100.pes
kolam_4x5_v4_100x100_knit.pes
kolam_4x5_v4_130x180.dst
kolam_4x5_v4_130x180.pes
kolam_4x5_v4_guide.pdf
LICENCE.txt
```

பெயரில் இருக்கும் `v4` அலங்காரத்துக்கு அல்ல. 'கோப்பு வேலை செய்யவில்லை' என்று யாராவது எழுதினால் நான் முதலில் கேட்பது, பெயரில் எந்த எண் இருக்கிறது என்பதுதான். பாதிப் பேரிடம் பழைய கோப்பு இருக்கும். புதியதை அனுப்பினால் பேச்சு முடிந்துவிடும். எண்மக் கோப்பைத் திரும்பப் பெற வழியில்லை. திருத்திய கோப்பைத் தருவதுதான் நான் செய்யக்கூடிய நியாயம்.

இனிப் பின்னல். இங்கே என்னை ஏமாற்றியது சதுரக் கட்டம். கணக்கு நோட்டுத் தாளில் புள்ளிக்குப் புள்ளி பத்துக் கட்டம் வைத்து, 41 கட்ட அகலம், 51 கட்ட உயரம் என்று வரைந்தேன். தாளில் கோலம் நெட்டையாக, சரியாக இருந்தது. பின்னி முடித்தபோது உயரத்தைவிட அகலம் கூடுதலாக, யாரோ மேலே உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. பின்னலின் ஒரு கண்ணி சதுரம் அல்ல. என் மாதிரித் துண்டில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள், 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசைகள். அப்படியானால் 41 கண்ணிகள் 18.6 செ.மீ. அகலம் தரும், 51 வரிசைகள் 17 செ.மீ. உயரம்தான் தரும். நான்குக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருக்க வேண்டிய கோலம் தலைகீழாகிவிட்டது. 23 செ.மீ. உயரம் வர வேண்டுமானால் 70 வரிசையாவது வேண்டும். குறுக்கே புள்ளிக்குப் புள்ளி 10 கண்ணி, நெடுக்கே 14 வரிசை என்று வைத்து எல்லா வளைவுகளையும் மறுபடியும் வரைந்தேன். பழைய படத்தை நெடுக்கே இழுத்துவிட்டால் போதும் என்று முயன்றதும் உண்டு. வளைவுகள் படிக்கட்டு போல உடைந்தன. கட்டங்களையே கண்ணியின் விகிதத்தில், அகலம் கூடுதலாகவும் உயரம் குறைவாகவும் அமைத்துக்கொண்டு அதன்மேல் வரைவதுதான் வழி. வாங்குபவரின் கை இறுக்கம் வேறாக இருக்கும் என்பதால், 22க்கு 30 என்ற கணக்கை வரைபடத்தின் உச்சியிலேயே போட்டுவிடுகிறேன். அது வராதவர் ஊசியின் அளவை மாற்ற வேண்டும். எழுதாவிட்டால், கோலம் நசுங்கியதற்கு என் வரைபடத்தைத்தான் திட்டுவார்.

இரண்டு நிறக் கம்பளி வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டு நிறத்தில் பின்னினால், பயன்படாத நிறம் பின்பக்கத்தில் நீளமாகத் தொங்கும். கோலத்தில் கோட்டுக்குக் கோடு இடைவெளி அதிகம், அந்த நீளத்தில் விரல் மாட்டும். ஒரே நிறத்தில், நிட் என்னும் வழவழப்பான கண்ணிப் பரப்பின் மேல், பர்ல் என்னும் கண்ணிகளின் மேடுகளால் கோடு. கோடு இரண்டு கண்ணி அகலம் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பின்னல் வரைபடம் காட்டுவது, முன்பக்கத்திலிருந்து பார்க்கும் துணியை. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். தட்டையாகப் பின்னுபவர் முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் படிப்பார். வட்டமாகப் பின்னுபவருக்கு எல்லா வரிசையும் வலமிருந்து இடம்தான். நான் எல்லா வரிசை எண்களையும் வலது ஓரத்திலேயே போட்டிருந்தேன். பர்ல் என்று குறித்த கட்டம், பின்பக்க வரிசையில் நிட்டாகப் பின்னப்பட வேண்டும் என்பதையும் எழுதவில்லை. எனக்குப் பழக்கம், எழுதத் தோன்றவில்லை.

எண்களை ஒரே ஓரத்தில் போட்ட பிழை இந்தக் கோலத்தில் வெளியே தெரியவே இல்லை. கோலம் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பது. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒரே விடைதான். சோதித்துப் பின்னிய மூவரும் சரி என்று சொன்னார்கள். அடுத்து விற்பனைக்கு வைத்தது ஒரு பக்கமாகச் சாயும் கொடி. அதைப் பின்னிய ஒருவர் அனுப்பிய படத்தில், கொடியின் ஓரம் வரிசைக்கு வரிசை இடமும் வலமுமாக, அரம்போலக் குதறிக் கிடந்தது. அவர் எல்லா வரிசையையும் வலமிருந்து படித்திருந்தார். எண்கள் அங்கேதானே இருந்தன? இப்போது ஒற்றைப்படை எண்கள் வலது ஓரத்தில், இரட்டைப்படை எண்கள் இடது ஓரத்தில். எண் இருக்கும் பக்கத்திலிருந்து வரிசை தொடங்கும். குறி விளக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வரி: முன்பக்கத்தில் என்ன, பின்பக்கத்தில் என்ன. இதோடு, எந்த வரைபடத்தையும் சோதனைக்குக் கொடுக்கும்போது ஒரு மூலையில் ஓர் ஒற்றைக் கட்டத்தை வேண்டுமென்றே நிரப்பிக் கொடுக்கிறேன். பின்னியவரின் படத்தில் அது வேறு மூலையில் இருந்தால், படிக்கும் திசையில் எங்கோ குழப்பம் இருக்கிறது.

தரைக்கான கோப்பு எளிதாக முடிந்திருக்க வேண்டும். பொடி தூவும் அச்சுத்தாள் வெட்டும் ஆசையால் நீண்டது. கையால் போடுபவருக்கு வேண்டியது புள்ளிக் கணக்கும் கோடு போகும் வழியும்தான். '4க்கு 5, நேர்ப்புள்ளி' என்று எழுதி, முடிந்த படத்தை மட்டும் போட்டிருந்தேன். சிக்குக் கோலத்தில் முடிந்த படம், பழகாதவருக்கு ஒன்றும் சொல்லாது. பிறகு ஆறு படங்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் புதிதாகச் சேர்ந்த பகுதி தடித்த கோடாக, முன்பு போட்டது மெல்லிய கோடாக இருக்கும். முதலில் புதியதைச் சிவப்பிலும் பழையதைப் பச்சையிலும் காட்டியிருந்தேன். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டவர்களுக்கு இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தது. அன்றிலிருந்து நிறத்தை நம்பி எந்த வரைபடமும் செய்வதில்லை. கறுப்பு வெள்ளை அச்சில் புரிந்தால்தான் வெளியே போகும்.

வெட்டும் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர், பொடி தூவுவதற்கு அச்சுத்தாளாக வெட்ட இதே கோலத்தின் எஸ்விஜி கோப்பு வேண்டும் என்றார். கோட்டை 5 மி.மீ. துளையாக்கி அனுப்பிவிட்டேன். வெட்டிப் பார்க்காமல் அனுப்பிய ஒரே கோப்பு அதுதான். கோடு மூடிய கோடு. அதை வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் உதிரும். புள்ளியைச் சூழ்ந்த 20 துண்டுகள், நான்கு புள்ளிகளுக்கு நடுவே நிற்கும் 12 துண்டுகள், ஆக 32 துண்டுகள் தனித்தனியே அவர் மேசையில் கிடந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். திட்டவில்லை, சிரித்திருந்தார். அது இன்னும் சுட்டது. கோடு தன்னை வெட்டும் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே, கோட்டின் நடுவில் 4 மி.மீ. பாலம் விட்டால் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மொத்தம் 62 பாலங்கள். தூவி எடுத்த பிறகு கோட்டில் தெரியும் இடைவெளிகளை விரலால் இணைத்துவிடலாம் என்று கோப்பிலேயே எழுதியிருக்கிறேன். அச்சிட்டு வெட்டுபவருக்காகத் தாளின் ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்று. அளவுகோலில் அது 50 வராவிட்டால், அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருக்கிறது. அதை மாற்றி 100 விழுக்காட்டில் அச்சிட வேண்டும்.

உரிமம் பற்றி நான் முதலில் எழுதியது இரண்டே வரி. 'இந்தக் கோலத்தின் முழு உரிமையும் எனக்கே. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்.' இரண்டு வரியும் தவறு.

முதல் வரியைப் படித்துவிட்டு ஓர் அம்மா எழுதினார்: "இந்தக் கோலத்தை என் பாட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எப்படியம்மா உரிமையாயிற்று?" பதில் சொல்ல ஒன்றுமில்லை. 4க்கு 5 புள்ளி வைத்து, நடுவே எல்லாம் வெட்டிப் போகிறவர் யாராக இருந்தாலும் இதே கோலத்தில்தான் வந்து நிற்பார். என்னுடையது, நான் டிஜிடைஸ் செய்த தையல் வரிசையும் நான் வரைந்த வரைபடங்களும் எழுதிய விளக்கமும் மட்டும். அவற்றை நகலெடுப்பதைத்தான் நான் தடுக்கலாம், கோலத்தை அல்ல. அதே நாளில் வரியை மாற்றி, அவருக்கு நன்றி எழுதினேன்.

இரண்டாவது வரியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். ஒருவர், 'நானே தைத்தது, அதனால் தனிப்பட்டது' என்று பைகளில் தைத்து விற்றார். அவர் பொய் சொல்லவில்லை; அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் அது. இன்னொருவரிடம் இயந்திரமே இல்லை. கோப்பை வாங்கி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கடையில் கொடுத்தார். கடைக்காரர் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களுக்கும் தைக்கத் தொடங்கினார். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. என் கோலத்தை வேறொரு சட்டையில் பார்த்த அதே வாடிக்கையாளர்தான். கூலிக்குத் தைக்கக் கொடுப்பதையே தடுத்தால், இயந்திரம் இல்லாதவர் வாங்கவே முடியாது. அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. இப்போது அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

"இந்தக் கோப்பை வாங்கியவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்கும் பரிசளிக்கவும் எத்தனை முறை வேண்டுமானாலும் தைக்கலாம். தைத்த பொருள்களை, இந்த ஒரு கோப்புக்கு மொத்தம் 50 வரை விற்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் எழுதிக் கேட்டுக் கூடுதல் உரிமம் பெற வேண்டும். கூலிக்குத் தைப்பவரிடம் உங்கள் வேலைக்காகக் கோப்பைக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அவர் அதை அழித்துவிட வேண்டும், மற்றவர்களுக்குத் தைக்கக் கூடாது. உங்கள் இயந்திரத்துக்காக வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கோப்பையோ, மாற்றிய கோப்பையோ, வரைபடத்தையோ விற்கவும் பகிரவும் கூடாது."

'மொத்தம்' என்ற சொல்லுக்காக ஒரு மாதம் அஞ்சலில் வாதாடியிருக்கிறேன். முதலில் '50 பொருள்கள் வரை' என்று மட்டும் இருந்தது. ஆண்டுக்கு 50 என்று ஒருவரும், நிறத்துக்கு 50 என்று ஒருவரும் படித்தார்கள். எண்ணை எழுதினால் போதாது, எதற்கு அந்த எண் என்பதையும் எழுத வேண்டும்.

பொருள் விற்பனைக்கு வைக்கும் வரம்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். வரைபடத்தை நகலெடுக்கக் கூடாது என்பது வேறு, அதைப் பார்த்துப் பின்னிய துணியை விற்கக் கூடாது என்பது வேறு. முதலாவதற்குப் பதிப்புரிமை துணை நிற்கும். இரண்டாவதற்கு அது எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் என் 50 என்பதை, வாங்குபவரும் நானும் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே நடத்துகிறேன். ஒப்பந்தம் என்றால் பணம் கட்டும் முன்பே கண்ணில் பட வேண்டும். பணம் கட்டிய பிறகு திறக்கும் கோப்பில் மட்டும் அது இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் விலைக்கு அடுத்த வரியிலும், வழிகாட்டியின் கடைசிப் பக்கத்திலும், தனிக் கோப்பாகவும் மூன்று இடங்களில் ஒரே சொற்களில் வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் திருத்தி மற்றதில் மறந்ததும் நடந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் வாங்கியவர்களுக்கு, இரண்டில் எது தாராளமோ அதுவே பொருந்தும் என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு குழுவில் என் கோப்பு இலவசமாகச் சுற்றியது. கோபத்தில் நீளமாக ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டு, பகிர்ந்தவருக்கு நான்கு வரி எழுதினேன்: எந்தக் கோப்பு, என்று வாங்கியது, உரிமத்தின் எந்த வரி, எதை நீக்க வேண்டும். அன்று மாலையே நீக்கினார். தோழிகளுக்கு உதவி என்று நினைத்தாராம். எல்லோரும் அப்படி நீக்குவதில்லை. மூன்று பேர் பதிலே போடவில்லை.

இப்போது 5க்கு 5 கேட்கிறார்கள். சதுரமாக இருக்கிறது, மெத்தை உறைக்கு நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் அது ஒரே இழையில் வராது. இந்த வகைக் கோலத்தில் இரு பக்கப் புள்ளி எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழைகள். 4க்கும் 5க்கும் ஒன்று, 5க்கும் 5க்கும் ஐந்து. ஐந்து தொடக்கம், நடுவே நான்கு முறை நூல் வெட்டு, 40 வெட்டுமிடங்கள். முதல் கடப்பில் ஓடு தையல், இரண்டாம் கடப்பில் சாட்டின் என்ற விதி இங்கும் செல்லும், இழைகளின் வரிசையை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதல் ஓட்டம் நேற்று மெல்லிய பருத்தியில் முடிந்தது. மூன்றாவது இழையின் முடிச்சு முன்பக்கத்தில் தெரிகிறது. தொடக்கத்தை ஒரு வெட்டுமிடத்துக்கு அடியில் நகர்த்தி மறுபடியும் ஓட்டப்போகிறேன்.